விளம்பரக் காசை எங்கிருந்து எடுத்து எங்கே போடுவது: கேள்வி பதில்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஆங்கில வகுப்பு, கணினி வகுப்பு நடத்துகிறவர்களும் அவர்களுக்கு விளம்பரம் பார்த்துக் கொடுக்கிற பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எல்லாப் பதிலிலும் ஒரே உதாரணம்தான் வருகிறது. மட்டக்களப்பு நகரில் ஒரு ஆங்கில வகுப்பு நிலையம். காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, கல்முனை வரைக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். மாத விளம்பரச் செலவு மூன்று இலட்சம். அதில் பேஸ்புக்குக்கு 180,000, கூகுள் தேடலுக்கு 60,000, நோட்டீஸுக்கும் ஓட்டோ அறிவிப்புக்கும் 60,000. இலக்கங்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. உங்கள் இலக்கங்களைப் போட்டாலும் முறை இதேதான்.

ஒரு சேர்க்கைக்கு எவ்வளவு செலவாகுது எண்டு எப்படிக் கணக்கெடுக்கிறது?

முதலில் எதைச் சேர்க்கை என்று எண்ணுவது என்பதைத் தீர்மானியுங்கள். வட்ஸ்அப்பில் "கிளாஸ் பீஸ் எவ்வளவு?" என்று கேட்டவர் சேர்க்கை இல்லை. காசு கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கியவர்தான் சேர்க்கை. பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் ஒரு பத்தி கூட்டி, எந்த வழியால் வந்தார் என்பதைச் சேரும் அன்றே எழுதிவிட வேண்டும். பிறகு கேட்டால் எல்லாரும் "பேஸ்புக்ல பார்த்தன்" என்றுதான் சொல்வார்கள்.

பிறகு ஒவ்வொரு வழியின் செலவையும் அந்த வழிச் சேர்க்கையால் பிரியுங்கள். நம் உதாரணத்தில் பேஸ்புக்கால் 90 பேர், கூகுளால் 24 பேர், நோட்டீஸால் 12 பேர். ஒருவருக்கு முறையே 2,000, 2,500, 5,000 ரூபாய். இது சராசரிச் செலவு. பழைய மாதம் எப்படிப் போனது என்று சொல்ல இது போதும். அடுத்த மாதக் காசை எங்கே போடுவது என்பதற்கு இது போதாது.

பேஸ்புக்லதானே ஒரு பிள்ளைக்கு 2,000. அதுதானே மலிவு. எல்லாக் காசையும் அங்கேயே போட்டா என்ன?

அந்த 2,000 என்பது முதல் ரூபாயிலிருந்து கடைசி ரூபாய் வரை எல்லாவற்றுக்கும் சேர்ந்த சராசரி. நீங்கள் இனிப் போடப் போகிற காசு கடைசி ரூபாய்க்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். ஆகவே கேட்க வேண்டியது, கடைசியாகக் கூட்டிய காசுக்கு எத்தனை பேர் கூடினார்கள் என்பது.

இதே நிலையம் முன்பு பேஸ்புக்கில் 120,000 போட்டபோது 75 பேர் வந்தார்கள். 180,000 ஆக்கியபோது 90. கூட்டிய 60,000 கொண்டுவந்தது 15 பேரை மட்டும்.

```
(180000 - 120000) / (90 - 75) = 4000
```

அந்தக் கடைசிப் பதினைந்து பேருக்கும் ஆளுக்கு 4,000 ரூபாய் போயிருக்கிறது. சராசரியைப் போல இரண்டு மடங்கு. உயர்தரப் பொருளியலில் படித்த எல்லைச் செலவுதான் இது, விளம்பரத்துக்கு வந்திருக்கிறது. முதல் 75 பேர் மலிவாகக் கிடைத்ததால் சராசரி அழகாகத் தெரிகிறது. கடைசிக் காசு என்ன செய்தது என்பதை அது மறைத்துவிடுகிறது.

விளம்பரம் அதேதான், ஆக்களும் அதே ஊர் ஆக்கள்தான். பிறகேன் போகப்போக விலை கூடுது?

ஊர் அதேதான் என்பதுதான் காரணமே. பேஸ்புக் முதலில் கேட்கக்கூடிய ஆட்களைத் தேடிக் காட்டும்: முன்பு இப்படியான விளம்பரத்துக்கு மெசேஜ் போட்டவர்கள், உங்கள் பக்கத்தைப் பார்த்தவர்கள். காசைக் கூட்டும்போது இரண்டு நடக்கும். ஒன்று, விருப்பம் குறைந்தவர்களிடமும் போகும். மற்றது, பார்த்தவர்களுக்கே மறுபடி மறுபடி காட்டும். விளம்பரக் கணக்கில் `Frequency` என்ற பத்தியைப் பாருங்கள். மாதத்துக்கு 3 ஆக இருந்தது 6 ஆகிச் சேர்க்கை அந்த அளவுக்குக் கூடவில்லை என்றால், காசு பழைய கண்களுக்கே போகிறது. கொழும்பில் இந்த நிலை வரப் பெருந்தொகை போக வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்துக்குள், தமிழில், 18 முதல் 25 வயது வரைக்கும் என்று வட்டத்தைச் சுருக்கினால் சீக்கிரமே வந்துவிடும்.

கூகுளில் காரணம் வேறு. அங்கே தேடுகிறவர்களின் தொகைதான் எல்லை. "spoken english class batticaloa" என்று தேடுகிறவர் தயாராக வருகிறார். அவர்கள் தீர்ந்த பிறகு "learn english" என்று பொதுவாகத் தேடுகிறவர்களுக்கும் காட்ட வேண்டி வரும். அவர்களில் பாதிப் பேர் யூடியூப் வீடியோ தேடுகிறவர்கள்.

கூகுள்ல ஒருத்தருக்கு 2,500. பேஸ்புக்ல 2,000. மலிவில இருந்து எடுத்து விலை கூடினதில போடச் சொல்றது கணக்குப் பிழை இல்லையா?

சராசரியோடு சராசரியை ஒப்பிட்டால் பிழைதான். கடைசிக் காசோடு கடைசிக் காசை ஒப்பிடுங்கள். நிலையம் கூகுளை ஒரு மாதம் 60,000 இலிருந்து 90,000 ஆக்கிப் பார்த்தது. 24 பேர் 33 ஆனார்கள். கூட்டிய 30,000க்கு 9 பேர், ஆளுக்கு 3,333. பேஸ்புக்கின் கடைசிக் காசில் ஆளுக்கு 4,000. சராசரியில் விலை கூடிய கூகுள், அடுத்த ரூபாய்க்கு மலிவாக இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த 24, 33 இரண்டிலும் நிலையத்தின் பெயரையே தட்டித் தேடி வந்தவர்கள் இல்லை. பெயரைத் தேடுகிறவர் ஏற்கெனவே நோட்டீஸையோ பேஸ்புக்கையோ பார்த்தவர். அவரைக் கூகுள் கணக்கில் எழுதினால் கூகுள் இல்லாத மலிவைக் காட்டும், காசைக் கூட்டினாலும் அவர்கள் கூட மாட்டார்கள். பெயர்த் தேடலைத் தனிக் கெம்பைனாகப் பிரித்து, இந்தக் கணக்கிலிருந்து வெளியே வையுங்கள்.

செலவைக் கூட்டக் கூட்டச் சேர்க்கை எப்படிக் கூடுது எண்டு காட்டுற வளைகோட்டை எப்படிப் போடுறது? எனக்கு எக்செல் மட்டும்தான் தெரியும்.

எக்செல் போதும். இரண்டு செலவு மட்டமும் அவற்றின் சேர்க்கையும் இருந்தால் வளைவு எவ்வளவு என்று ஒரு எண் எடுக்கலாம். பேஸ்புக்குக்கு:

```
=LN(90/75)/LN(180000/120000)
```

விடை ஏறத்தாழ 0.45. செலவை 10 வீதம் கூட்டினால் சேர்க்கை ஏறத்தாழ 4.5 வீதம் கூடும் என்பது பொருள். இந்த எண் 1 என்றால் வளைவே இல்லை, போட்ட அளவுக்கு வரும். பூச்சியத்தை நெருங்க நெருங்கக் கூட்டிய காசு வீண். கூகுளுக்கு இதே கணக்கு 0.785 தரும்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. சராசரிச் செலவை இந்த எண்ணால் பிரித்தால் அந்த இடத்தில் எல்லைச் செலவு கிடைத்துவிடும். பேஸ்புக்கில் 180,000 மட்டத்தில் 2,000 ÷ 0.45, அதாவது ஏறத்தாழ 4,450. முன்னே வந்த 4,000 என்பது 120,000க்கும் 180,000க்கும் இடைப்பட்ட முழுத் துண்டுக்குமானது, 4,450 அதன் மேல் நுனியில். மாற்றம் செய்யப் போகும்போது நுனியைத்தான் பார்க்க வேண்டும். கூகுளில் 90,000 மட்டத்தில் சராசரி 2,727. அதை 0.785ஆல் பிரித்தால் ஏறத்தாழ 3,470.

இரண்டு புள்ளியை வைத்துப் போட்ட கோடு அந்த இரண்டுக்கும் நடுவிலும் கொஞ்சம் வெளியிலும்தான் நம்பத் தகுந்தது. 120,000, 180,000 இரண்டையும் வைத்து ஐந்து இலட்சத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல முற்பட வேண்டாம்.

நோட்டீஸ்தான் ஆக மோசம், ஒருத்தருக்கு 5,000. அதை முழுசா நிப்பாட்டிடலாம் போல?

முழுவதையும் நிப்பாட்ட வேண்டாம், பாதியை நிப்பாட்டுங்கள். இந்த உதாரணத்தில் 60,000 என்பது இரண்டு சுற்று. ஒவ்வொரு மாதமும் முதல் சுற்றில் 30,000, அதே தெருக்களில் இரண்டாம் சுற்றுக்கு இன்னொரு 30,000. நோட்டீஸின் அடியில் பதிவுக் கட்டணக் கழிவுச் சீட்டு ஒன்று இருக்கிறது, முதல் சுற்றுக்கு மஞ்சள், இரண்டாம் சுற்றுக்குப் பச்சை. சேரும்போது பிள்ளை அதை வெட்டிக் கொண்டுவர வேண்டும். மஞ்சள் 9, பச்சை 3.

முதல் சுற்றில் ஆளுக்கு 3,333. இது பேஸ்புக்கின் கடைசிக் காசை விட மலிவு. இரண்டாம் சுற்றில் ஆளுக்கு 10,000. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்ததால்தான் 5,000 என்று வந்தது. முழுக்க நிப்பாட்டியிருந்தால் நல்ல பாதியும் போயிருக்கும். ஒரு மாதத்தின் மூன்று பச்சைச் சீட்டை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் இரண்டு நிறத்திலும் ஒரே அளவில் தொலைப்பார்கள் என்பதால் ஒப்பீடு கெடாது.

அப்ப எவ்வளவை மாத்திறது? எந்த இடத்தில நிப்பாட்டுறது?

எல்லைச் செலவு கூடிய இடத்திலிருந்து எடுத்துக் குறைந்த இடத்தில் போடுங்கள். போடப்போட அங்கே விலை ஏறும், எடுக்க எடுக்க இங்கே விலை இறங்கும். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகும்போது நிப்பாட்டலாம். முதலில் பெரிய இடைவெளியை மூடுங்கள். நோட்டீஸின் இரண்டாம் சுற்று 30,000 ஐக் கூகுளுக்கு மாற்றினால் 3 பேர் போய் 9 பேர் வருவார்கள். மொத்தம் 126 இலிருந்து 132, செலவு அதே மூன்று இலட்சம்.

அடுத்து, பேஸ்புக்கிலிருந்து 15,000 எடுத்துக் கூகுளை 105,000 ஆக்கினால்? வளைகோட்டின்படி பேஸ்புக்கில் மூன்றரைப் பேர் குறைந்து கூகுளில் நாலு பேர் கூடுவார்கள். மிச்சம் ஒரு பிள்ளை கூட இல்லை. 4,450க்கும் 3,470க்கும் இடையே இருக்கிற இடைவெளி பார்க்கப் பெரிது, ஆனால் மாற்ற மாற்ற அது சுருங்குவதால் கைக்கு வருவது சொற்பம். எல்லைச் செலவுகள் கால்பங்கு வித்தியாசத்துக்குள் வந்துவிட்டால் நான் கைவைக்க மாட்டேன். வசதி இருந்தால் மாற்றுங்கள், அதற்காக ஒரு கூட்டம் வைக்க வேண்டியதில்லை.

கூகுளுக்கு மேல் எல்லை ஒன்றும் இருக்கிறது. வளைகோட்டுக்கு அது தெரியாது. கூகுள் விளம்பரக் கணக்கில் `Search impr. share`, `Search lost IS (budget)` என்ற இரண்டு பத்திகளைச் சேருங்கள். முதலாவது காட்டக்கூடிய தடவைகளில் காட்டிய பங்கு, இரண்டாவது காசு போதாமல் தவறிய பங்கு. 90,000 மட்டத்தில் முதலாவது 73 வீதம், இரண்டாவது 17 வீதம் என்றால், காசு போதாமல் தவறுகிறது அந்த 17 மட்டும்தான். மிச்சம் 10 வீதம் தரத்தாலும் ஏலத்தொகையாலும் தவறுகிறது, அதை பட்ஜெட்டைக் கூட்டிப் பிடிக்க முடியாது. ஆகவே இதே சொற்களுக்கு இந்த ஊரில் செலவழிக்கக்கூடியது 90,000 × 90 ÷ 73, ஏறத்தாழ 111,000. அதற்கு மேல் பட்ஜெட் போட்டால் காசு செலவாகாமல் கிடக்கும், அல்லது யாரோ "சொற்களை அகலமாக்குங்க" என்று சொல்லி `Broad match` போட்டு, முன்பு சொன்ன யூடியூப் தேடுகிற கூட்டத்துக்குப் போகும்.

மூன்று இலட்சம் எண்டு வெச்சதே சரியா? கூட்டலாமா, குறைக்கலாமா?

அதைத் தீர்மானிப்பது ஒரு பிள்ளையால் உங்களுக்கு மிஞ்சும் தொகை. கட்டணம் 15,000 என்று வையுங்கள். அதிலிருந்து ஆசிரியரின் பங்கு, புத்தகம், சான்றிதழ் என்று பிள்ளைக்குப் பிள்ளை போகிற செலவு 9,500. மிச்சம் 5,500. மண்டப வாடகையையும் மின் கட்டணத்தையும் இதில் கழிக்க வேண்டாம், ஒரு பிள்ளை கூடினாலும் அவை கூடாது. வகுப்பு நிரம்பி இன்னொரு அறை எடுக்க வேண்டிய நிலை வந்தால் அப்போது கணக்கு மாறும்.

எல்லைச் செலவு 5,500க்குக் கீழே இருக்கும் வரை அந்த வழியில் காசு கூட்டுவது இலாபம். பேஸ்புக் 4,450, கூகுள் 3,470, இரண்டிலும் இன்னும் இடம் இருக்கிறது. நோட்டீஸின் இரண்டாம் சுற்றில் வந்த ஒவ்வொரு பிள்ளையாலும் 4,500 நட்டம். ஆகவே கூகுளில் இடமே இல்லை என்றாலும் அந்த 30,000 ஐப் பையில் வைத்துக்கொண்டிருக்கலாம். பட்ஜெட்டை முழுவதும் செலவழித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பதினைஞ்சு பேர் கூடினது விளம்பரத்தாலயா, இல்ல சும்மா அந்த மாசம் வந்த ஆக்களா?

கேட்க வேண்டிய கேள்வி. விளம்பரம் எதையும் மாற்றாவிட்டாலும் சேர்க்கை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். இரண்டு மாதச் சேர்க்கையையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அந்த ஆட்டத்தின் அளவு தெரியும். 75 + 90 = 165, வர்க்கமூலம் ஏறத்தாழ 13. அதாவது 15 என்பது உண்மையில் 2 ஆகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம். எல்லைச் செலவு 30,000 இலிருந்து 2,140 வரை எங்கேயும் இருக்கலாம். இந்த நிலையில் 4,000 என்று அடித்துச் சொல்வது துணிச்சல்.

தப்ப வழி, ஒரு படி முன்னால் எண்ணுவது. பேஸ்புக்கால் தொடங்கிய வட்ஸ்அப் உரையாடல்கள் 500 இலிருந்து 600 ஆகியிருந்தால், கூடியது 100, ஆட்டம் 33. இது எவ்வளவோ உறுதி. 500 இல் 75 பேர் சேர்ந்தார்கள், 600 இல் 90 பேர், இரண்டும் 15 வீதம். 60,000 ÷ 100 = ஒரு உரையாடலுக்கு 600. அதை 0.15ஆல் பிரித்தால் 4,000. ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 3,000 முதல் 6,000 வரை. விடை அதேதான், ஆனால் இப்போது கொஞ்சம் காலூன்றி நிற்கலாம்.

ஆனால் அந்த 15 வீதத்தை ஒவ்வொரு மட்டத்திலும் பார்க்க வேண்டும். காசைக் கூட்டும்போது உரையாடல் கூடி, சேர்கிறவர் வீதம் 15 இலிருந்து 11 ஆக இறங்குவது சாதாரணம். மெசேஜ் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்ந்தால் இங்கேதான் வழுக்கும்.

சாதாரண தரப் பரீட்சை முடிஞ்ச மாசம் காசைக் கூட்டினம், நல்லா வந்திச்சு. அதையே வளைகோட்டுக்கு எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். பரீட்சை முடிந்த பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிற மாதம் காசைக் கூட்டாவிட்டாலும் வருவார்கள். அந்த வருகையெல்லாம் விளம்பரத்தின் பெயரில் எழுதப்பட்டு வளைவே இல்லாதது போலத் தெரியும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலத்தில் இது தலைகீழ். வெள்ளம் வந்த வாரத்தில் நோட்டீஸும் நனையும், ஓட்டோவும் போகாது, பிள்ளையும் வராது.

மாதத்தோடு மாதத்தை ஒப்பிடாமல் ஊரோடு ஊரை ஒப்பிடுங்கள். கல்முனைப் பக்கத்தில் பேஸ்புக் செலவை ஒன்றரை மடங்காக்கிவிட்டு, ஏறாவூர்ப் பக்கத்தில் பழையபடியே நாலு வாரம் விடுங்கள். ஏறாவூரில் அந்த நாலு வாரம் 10 வீதம் கூடியிருந்தால், கல்முனையில் கூடியதிலும் அந்த 10 வீதம் தானாக வந்தது. மிச்சம்தான் காசின் வேலை. இதற்குப் பற்றுச்சீட்டில் ஊரும் எழுதியிருக்க வேண்டும். கூட்டும் அளவும் பெரிதாக இருக்க வேண்டும், 10 வீதம் கூட்டினால் மேலே சொன்ன ஆட்டத்துக்குள் அது தொலைந்துவிடும்.

பட்ஜெட்டை மாத்தின அடுத்த நாளே பேஸ்புக் குழம்பிப்போச்சு. திரும்பப் பழையபடி ஆக்கட்டுமா?

பொறுங்கள். பட்ஜெட்டைப் பெரிதாக மாற்றினால் அந்த விளம்பரத் தொகுதி, யாருக்குக் காட்டுவது என்று பேஸ்புக் பழகிக்கொள்ளும் `Learning` நிலைக்கு மறுபடி போகலாம். அதிலிருந்து வெளிவர வாரத்துக்கு ஏறத்தாழ 50 விளைவு வேண்டும் என்பது மெட்டாவின் கணக்கு. மாதம் 90 சேர்க்கை வருகிற நிலையம் சேர்க்கையை இலக்காக வைத்தால் ஒருபோதும் 50ஐத் தொடாது. வட்ஸ்அப் உரையாடலை இலக்காக வைத்தால் தொடும். அதுவும் காசை எட்டுத் தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்காமல் ஒன்றிரண்டில் வைத்திருந்தால்.

இன்னொன்று, இன்று மெசேஜ் போட்ட பிள்ளை இன்றே காசு கட்டாது. வாப்பாவிடமோ அப்பாவிடமோ கேட்டு, சம்பள நாள் வந்து, வகுப்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது வரும். மாற்றத்தின் முதல் வாரத்தை ஒதுக்கிவிட்டு, பிறகு மூன்று வாரத்தை எண்ணுங்கள். சேர்க்கையை அது கட்டிய நாளில் எழுதாமல், அந்தப் பிள்ளை முதல் மெசேஜ் போட்ட வாரத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் போன மாதக் காசின் பலன் இந்த மாதக் காசின் பெயரில் போய்விடும்.

இந்தக் கணக்கை எத்தனை நாளைக்கு ஒருக்கா திரும்பப் பார்க்கணும்?

தவணைக்கு ஒரு முறை போதும். அதற்கிடையில் மூன்று காரணங்களுக்காகத்தான் முன்கூட்டிப் பார்க்க வேண்டும்: கட்டணம் மாறினால், பக்கத்தில் புது நிலையம் திறந்து அதே சொற்களுக்குக் கூகுளில் ஏலம் கேட்கத் தொடங்கினால், அல்லது விளம்பரப் படமோ வீடியோவோ மாறினால். புது வீடியோ ஒன்று நன்றாகப் பிடித்துக்கொண்டால் பேஸ்புக்கின் கோடு முழுவதும் மேலே நகரும், பழைய 0.45 செல்லாது. அப்போது 120,000 மட்டத்திலிருந்து மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.